சிரிப்புக் கோடு: க்ரீம், ஃபில்லர், முகப்பயிற்சி, மேக்கப் எது எதுவரை போகும்?

மூக்கோரத்தில் தொடங்கி வாயோரம் இறங்கும் கோட்டைச் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு மடிப்பு. கன்னத்தில் தோலுக்கு அடியில் கொழுப்பு தடிமனாக இருக்கிறது, மேலுதட்டில் அது ரொம்பக் குறைவு, தோல் கிட்டத்தட்ட தசையோடேயே ஒட்டியிருக்கிறது. இரண்டும் சேரும் எல்லையில் ஒரு படி உண்டாகிறது, அந்தப் படியின் நிழல்தான் கோடாகத் தெரிகிறது. சிரிக்கும்போது குழந்தைக்கும் வரும். பக்கவாதத்தில் முகத்தின் ஒரு பாதி செயலிழந்தால் அந்தப் பக்கக் கோடு மங்கிவிடும், மருத்துவர்கள் அதை ஓர் அறிகுறியாகவே பார்ப்பார்கள். ஆக, தசை இழுப்பதுதான் மடிப்பைப் போடுகிறது. வயதாக ஆக கன்னத்தின் உள்கொழுப்பு வற்றி, மூக்கோர எலும்பும் தேய்வதால் அது ஆழமாகிறது.

மல்லாந்து படுத்து, கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். கோடு பெரும்பாலும் காணாமல் போனால் தொய்வுதான் முக்கியக் காரணம், அதற்குக் க்ரீம் பெரிதாக எதுவும் செய்யாது. படுத்தாலும் மெல்லிய கீறலாக நின்றால் அது தோலிலேயே பதிந்தது, ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை மருந்துக் க்ரீமும் தினசரி சன்ஸ்க்ரீனும் சில மாதங்களில் அதைக் கொஞ்சம் மென்மையாக்கும். (கர்ப்பிணிகளுக்கு ட்ரெட்டினாயின் வேண்டாம்.)

சரி, முகப்பயிற்சி? 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் நடுவயதுப் பெண்களை 20 வாரம் பயிற்சி செய்யவைத்தது, அதில் முதல் 8 வாரம் தினமும் அரை மணி நேரம். கன்னம் சற்றுப் புஷ்டியானது. ஆனால் சேர்ந்த 27 பேரில் முடித்தவர்கள் 16 பேர், ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி செய்யாத குழுவும் இல்லை, சிரிப்புக் கோட்டில் சொல்லும்படி மாற்றமும் இல்லை. இழுக்கும் தசையையே இன்னும் பலப்படுத்தினால் கோடு எப்படிக் குறையும் என்பது என் சந்தேகம்.

படியை நேரடியாகச் சமன்செய்வது ஃபில்லர்தான். ஹயலுரானிக் அமில ஜெல்லை மடிப்புக்கு அடியிலோ வற்றிய கன்னத்திலோ ஊசியால் வைப்பார்கள். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை நிற்கும், பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் என்ற நொதியால் கரைக்கலாம். கோட்டையே முழுக்க நிரப்பச் சொல்லாதீர்கள், வாய்க்கு மேல் உப்பலாகத் தெரியும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது: மடிப்பை ஒட்டி முகத்தமனி ஓடுகிறது, ஜெல் அதற்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஊசி போட்டதும் தோல் வெளிறினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, வலைபோல் நீலத்திட்டு தெரிந்தாலோ, கண் மங்கினாலோ "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உடனே சிகிச்சை வேண்டும். அந்த நொதியைக் கையிருப்பில் வைத்திருக்காத இடத்தில் ஊசியே போட்டுக்கொள்ளாதீர்கள்.

மேக்கப் நிழலை மட்டும் ஏமாற்றும், ஒரு கல்யாணத்துக்கு அது போதும். தோல் நிறத்தைவிட ஒரு படி வெளிர் கன்சீலரை நிழல் விழும் கோட்டில் மட்டும் மெல்லிசாக வைத்து, விரலால் ஒற்றிவிடுங்கள். மேலே மேடான இடத்தில் பட்டால் மேடு இன்னும் தூக்கலாகத் தெரியும். பவுடரை அங்கே அப்பினால், ரெண்டு மணி நேரத்தில் கோட்டுக்குள் இறங்கி வெடித்து நிற்கும்.