சொல் விளக்கம்: திருகு அளவி, மீச்சிற்றளவு, சுழிப்பிழை

ஆய்வகத்தில் ‘மைக்ரோமீட்டர்’ எனப்படும் கருவியின் பெயர், சிறியது எனப் பொருள்படும் மிக்ரோஸ், அளவு எனப் பொருள்படும் மெட்ரோன் என்னும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. 17-ஆம் நூற்றாண்டில் இப்பெயர் தொலைநோக்கியில் பொருத்திச் சிறு கோணங்களை அளக்கும் அமைப்புக்கு உரியதாக இருந்தது. கையில் பிடித்து அளக்கும் திருகுக் கருவிக்கு 1848-இல் பாரிசில் காப்புரிமை பெற்றவர் ழான் லோரான் பால்மர். தமிழில் இப்பெயரை அப்படியே எழுதினால் குழப்பம் வரும். மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான அலகும் ‘மைக்ரோமீட்டர்’தான். செயல்முறையையே பெயராகக் கொண்ட ‘திருகு அளவி’ என்ற பாடநூல் சொல்லில் அந்தக் குழப்பம் இல்லை. இலங்கைப் பாடநூல்கள் இதையே ‘நுண்மானித் திருகுக் கணிச்சி’ என்கின்றன.

‘மீச்சிற்றளவு’ என்பது மீச்சிறு, அளவு என்னும் சொற்களின் புணர்ச்சி. ‘மீப்பெரு’ என்பதில் உள்ளதுபோல இங்கும் ‘மீ’ உச்ச நிலையைக் குறிக்கிறது. கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய பொருள் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. அடுத்தடுத்த இரு அளவீடுகளை அக்கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய படியே மீச்சிற்றளவு. திருகு ஒரு முழுச் சுற்றில் நகரும் புரியிடைத் தூரம் 1 மி.மீ., சுழலும் உருளையைச் சுற்றிக் குறித்த தலைக்கோலில் 100 பிரிவுகள் என்றால், ஒரு பிரிவுக்கு 0.01 மி.மீ. கிடைக்கிறது.

இனிச் சுழிப்பிழை. சுழி என்பது பூச்சியம்; இடையில் எப்பொருளும் இல்லாமல் இரு முகங்களும் தொடும்போது கருவி பூச்சியத்தைக் காட்டாவிட்டால் அதுவே சுழிப்பிழை. தலைக்கோலின் சுழி, திருகு நகர்ந்த தூரத்தை மில்லிமீட்டரில் காட்டும் நிலையான புரிக்கோலின் வரைகோட்டுக்குக் கீழே இருந்தால் பிழை நேர்க்குறி உடையது, மேலே இருந்தால் எதிர்க்குறி உடையது. திருத்தம் எப்போதும் பிழைக்கு எதிர்க்குறியில் அமையும் என்பதை மாணவர்கள் பலரும் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

ஒரு மெல்லிய கம்பியை அளப்போம். முகங்கள் தொடும்போது சுழி கோட்டுக்குக் கீழே இருக்க, 4-ஆவது பிரிவு கோட்டோடு பொருந்துகிறது. எனவே பிழை +0.04, திருத்தம் –0.04 மி.மீ. கம்பியை இடையில் வைத்து, முனையிலுள்ள பாதுகாப்புத் திருகு ‘கிளிக்’ என ஒலிக்கும் வரை மட்டும் திருக வேண்டும். உருளையை நேரடியாகத் திருகி அழுத்தினால் மென்மையான செம்புக் கம்பி நசுங்கி, அளவு குறைந்துவிடும். புரிக்கோலில் 0, தலைக்கோலில் 46 எனக் கிடைத்தால் கண்ட அளவு 0.46, திருத்திய விட்டம் 0.42 மி.மீ.

இந்த 0.04-ஐ விட்டுவிட்டால் விட்டம் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகும். குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதில் மிகுதி ஏறத்தாழ 20 விழுக்காடாகும். அப்பரப்பைக் கொண்டு கணக்கிடும் மின்தடை எண்ணும் அதே அளவு மிகும். கம்பி எங்கும் சீரான வட்டமாக இருக்கும் என நம்ப இயலாது. ஆகவே பல இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி காண வேண்டும். திருத்தத்தை அச்சராசரியில் ஒரே முறை சேர்த்தால் போதும்.