லிஃப்ட் 4 என்று வந்ததும் ராக்கை மாற்றாதீர்கள்

சூப்பர் மார்க்கெட் பில்களை அலசி, எந்தப் பொருளோடு எது சேர்ந்து விற்கிறது என்று பட்டியல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பட்டியலின் முதல் வரியைப் பார்த்ததுமே காம்போ போடக் கிளம்பிவிடுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எளிதான கணக்காக 10,000 பில் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,000 பில்லில் பிரெட், 6,000 பில்லில் பால், 550 பில்லில் இரண்டும் இருக்கின்றன. மொத்த பில்லில் இரண்டும் சேர்ந்து வருவது 5.5%, இதுதான் சப்போர்ட். பிரெட் வாங்கியவர்களில் 55% பேர் பாலும் வாங்கியிருக்கிறார்கள், இது கான்ஃபிடன்ஸ். பாதிக்கு மேல் என்றதும் நல்ல ஜோடி போலத் தோன்றும். ஆனால் பொதுவாகவே 60% பில்லில் பால் இருக்கிறதே! 55-ஐ 60-ஆல் வகுத்தால் 0.92, அதுதான் லிஃப்ட். ஒன்றுக்குக் கீழே போய்விட்டது, அதாவது பிரெட் வாங்குபவர் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகத்தான் பால் வாங்குகிறார்.

சரி, லிஃப்ட் பெரிதாக வந்துவிட்டால் நம்பலாமா? அதே பில்களில் துவரம் பருப்பு 1,200, சலவைத்தூள் 1,000, இரண்டும் சேர்ந்து 500 என்றால் கான்ஃபிடன்ஸ் கிட்டத்தட்ட 42%, சலவைத்தூளின் பொது அளவு 10%, ஆக லிஃப்ட் 4.2. பைத்தானில் இந்தக் கணக்குகளைப் போடும் `mlxtend` லைப்ரரியை ஓடவிட்டு லிஃப்ட் வரிசையில் அடுக்கினால் இது மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். பருப்புக்கும் சலவைத்தூளுக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை, சம்பளம் வந்ததும் போடும் மாத மளிகை பில்தான் காரணம். அந்த நீளமான பில்லில் எல்லாமே இருக்கும், பாலுக்கும் பிரெட்டுக்கும் வந்து போகிறவர்களின் சின்ன பில்லில் இரண்டுமே இருக்காது, இரண்டு வகையையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்குப் போட்டால் மாதப் பட்டியலில் வரும் எந்தப் பொருளும் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டது போலத்தான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க, இருபது பொருளுக்கு மேல் உள்ள பில்களைத் தனியாகப் பிரியுங்கள். அப்படி 1,500 பில், அதில் பருப்பு 900, சலவைத்தூள் 800, இரண்டும் 490 என்று வைத்தால் கான்ஃபிடன்ஸ் 54.4%, பொது அளவு 53.3%, லிஃப்ட் வெறும் 1.02. ஜோடி கரைந்துவிட்டது. மிச்சமுள்ள 8,500 சின்ன பில்லில் இரண்டும் சேர்ந்து வந்தது பத்தே பில், தற்செயலாகவே ஏழு வந்திருக்கும், அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

இருபது என்பது எல்லாக் கடைக்கும் பொருந்தாது, பில்லின் நீளத்தை வரைபடமாகப் போட்டுப் பார்த்து உங்கள் கடைக்கான எல்லையை முடிவு செய்யுங்கள். அப்புறம், "ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம்" ஓடிய நாட்களின் பில்களையும் எடுத்துவிடுங்கள், அந்த ஜோடியை உருவாக்கியதே நீங்கள்தான். இத்தனைக்குப் பிறகும் இரண்டு வகை பில்லிலும் ஒன்றுக்கு நன்றாக மேலே நிற்கிற ஜோடி இருந்தால் அதற்கு மட்டும் ராக்கை மாற்றிப் பாருங்கள்.