ஈடுசெய் பிழையும் விதிப்பிழையும்: இருப்பாய்வின் கண்ணில் படாத இரண்டு

கணக்கியலில் வரும் 'காம்பென்சேட்டிங் எர்ரர்' என்பதன் வேர் லத்தீனின் 'காம்பென்சாரே'. ஒன்றுக்கு எதிரே இன்னொன்றை வைத்து எடைபோடுவது என்று பொருள். தமிழில் 'ஈடுசெய் பிழை' என்கிறோம். ஈடு கொடுப்பது, ஈடுகட்டுவது என்று அன்றாடம் புழங்கும் சொல் என்பதால் விளக்கமே தேவைப்படாத பெயர் இது. இலங்கைத் தமிழில் பிழைக்கு 'வழு' என்பார்கள். வழுவுதல் என்றால் தவறிப்போதல். இலக்கணம் படித்தவர்களுக்குப் பழகிய சொல்தான்.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவர் 950 ரூபாய்க்குக் கடனில் சாமான் வாங்குகிறார். பில்லில் 950 சரியாக இருக்கிறது. பேரேட்டில் அவர் கணக்கில் பற்று வைக்கும்போது மட்டும் 450 என்று விழுந்துவிடுகிறது. அதே மாதம் கடன் விற்பனை ஏட்டின் மொத்தம் 48,650 வர வேண்டியது; கூட்டியவர் 48,150 என்று எழுதி, அதையே விற்பனைக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார். பற்றில் 500 குறைவு, வரவிலும் 500 குறைவு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு தவறுகள். எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் எதிரெதிரே பட்டியலிட்டுக் கூட்டிப் பார்ப்பதுதான் இருப்பாய்வு; அதன் இரு பக்கமும் அச்சாகப் பொருந்துகின்றன. லாபம் 500 குறைந்து தெரியும். அதைவிட, மாதக் கடைசியில் அந்த வாடிக்கையாளரிடம் பேரேட்டைப் பார்த்து 450 மட்டும் வாங்கினால் 500 ரூபாய் கையை விட்டே போகும்.

'எர்ரர் ஆஃப் பிரின்சிபிள்' வேறு வகை. இதைத் தத்துவப் பிழை என்றும் எழுதுகிறார்கள். எனக்கு 'விதிப்பிழை'தான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் இங்கே மீறப்படுவது கணக்கியல் விதி. தொகையும் சரி, பக்கமும் சரி. கணக்கின் இனம்தான் தவறு. கடைக்கு 12,000 ரூபாயில் எலக்ட்ரானிக் தராசு வாங்கி அதைக் கொள்முதலில் எழுதினால் அது விதிப்பிழை. தராசு விற்கிற சரக்கல்ல, பல வருடம் உழைக்கும் சொத்து. மாதம் 2,00,000 விற்பனையில் வழக்கமாக 30,000 மொத்த லாபம் நிற்கும் கடையில் அந்த மாதம் 18,000தான் தெரியும். 15 சதவீதம் காரணமில்லாமல் 9 ஆனால் முதலில் கொள்முதல் கணக்கைத்தான் புரட்ட வேண்டும். திருத்தம் ஒரே குறிப்பேட்டுப் பதிவு: தராசுக் கணக்கில் 12,000 பற்று, கொள்முதல் கணக்கில் 12,000 வரவு.

ஈடுசெய் பிழைக்கு இப்படி எளிதில் கிடைக்கும் தடயம் இல்லை. பில்களைப் பேரேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும், ஏட்டை மறுபடி கூட்ட வேண்டும். வாடிக்கையாளர் கணக்கில் விட்டுப்போன 500ஐச் சேர்த்ததும், அதுவரை பொருந்தியிருந்த இருப்பாய்வு இடிக்கும். அதற்காகத் திருத்தத்தை அழித்துவிடாதீர்கள். வித்தியாசத்தை, காரணம் தெரியும்வரை தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அனாமத்துக் கணக்கில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் அதே 500ஐத் தேடுங்கள். விற்பனை ஏட்டின் கூட்டலில் அது அகப்பட்டதும் அனாமத்துக் கணக்கு தானாக மூடிக்கொள்ளும்.