வா, கா: ஜப்பானிய வாக்கியத்தின் இரண்டு ஒட்டுகள்

"வதாஷி வா தனாகா தெஸு." "வதாஷி கா தனாகா தெஸு." ஜப்பானிய மொழியில் இரண்டுமே சரியான வாக்கியங்கள். இரண்டிலும் பேசுகிறவர் பெயர் தனாகாதான். ஆனால் புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது முதலாவதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, "உங்களில் தனாகா யார்?" என்று யாராவது கேட்டால் எழுந்து நின்று சொல்வது. தமிழில் "நான் முருகன்" என்பதற்கும் "நான்தான் முருகன்" என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. கேள்வியே எழாத இடத்தில் "நான்தான் முருகன்" என்று கை குலுக்கினால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி விழிப்பார் அல்லவா, அதேதான் அங்கேயும். (இங்கே "கா" என்பதை "கங்கா" என்ற சொல்லின் முதலெழுத்தைப் போல மெல்லொலியாகப் படிக்கவும்.)

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் "வா", "கா" இரண்டையும் எழுவாய் உருபுகள் என்று ஒரே பக்கத்தில் சேர்த்துப் போட்டுவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. "கா" எழுவாயின் உருபு, அதில் தகராறு இல்லை. "வா" எழுவாய்க்கு உரியதே அல்ல. "சொனோ ஹொன் வா மோ யொமிமாஷிதா" என்றால் "அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே படித்துவிட்டேன்" என்று பொருள். புத்தகம் இங்கே செயப்படுபொருள், படித்தவர் வாக்கியத்திலேயே இல்லை. "நிஹொன் நி வா யமா கா ஓய்" என்றால் "ஜப்பானில் மலைகள் அதிகம்". இங்கே "நி" என்ற இட உருபின் மேல் "வா" ஏறி உட்கார்ந்திருக்கிறது. எழுவாய் உருபும் செயப்படுபொருள் உருபும் "வா" வந்ததும் மறைந்துவிடும், மற்றவை அப்படியே நிற்க அவற்றின் பின்னால் "வா" ஒட்டும். ஆக, யார் செய்தார், எதைச் செய்தார் என்பதெல்லாம் "வா"வின் கவலையே இல்லை. "இனி நான் சொல்லப்போவது இதைப் பற்றி" என்று கேட்பவருக்கு முன்கூட்டியே காட்டுவதுதான் அதன் வேலை.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது இந்தப் பிரிவினை பளிச்சென்று தெரியும். புகழ்பெற்ற உதாரணம் "ஜோ வா ஹனா கா நகாய்". யானை, மூக்கு, நீளம். நீளமாக இருப்பது மூக்கு, அதனால் அதற்குக் "கா". பேச்சு யானையைப் பற்றி, அதனால் அதற்கு "வா". அகிரா மிகாமி என்ற இலக்கண அறிஞர் 1960-இல் இந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பள்ளியில் கணிதம் கற்பித்தவர். இதே வாக்கியத்தை "யானையின் மூக்கு நீளமாக இருப்பது" என்று ஒரு பெயர்த்தொடராக மாற்றிப் பாருங்கள் என்றார். "ஜோ நோ ஹனா கா நகாய் கொதோ" என்று ஆகிறது. "வா" போய், "உடைய" என்று பொருள்படும் "நோ" வெளியே வருகிறது. "ஹனா கா" மட்டும் அசையாமல் அப்படியே இருக்கிறது. எனக்கு இது மிக அழகான சோதனையாகத் தோன்றுகிறது. "கா" வாக்கியத்தின் உள்கட்டுமானத்தைச் சேர்ந்தது; "வா" அந்தக் கட்டுமானத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து வெளியே முன்னால் வைக்கிறது.

சரி, எதை அப்படி முன்னால் வைக்கலாம்? கேட்பவருக்கு அது எது என்று ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானியக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த மோமோதாரோ கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். முன்னொரு காலத்தில் ஓர் இடத்தில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள்: "ஒஜீசான் தொ ஒபாசான் கா". அவர்கள் இப்போதுதான் கதைக்குள் நுழைகிறார்கள், அதனால் "கா". அடுத்த வாக்கியத்தில் தாத்தா மலைக்கு விறகு வெட்டப் போகிறார், பாட்டி ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகிறார்: "ஒஜீசான் வா", "ஒபாசான் வா". ஒரே வாக்கியத்தில் அவர்கள் தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். பாட்டி துவைத்துக்கொண்டிருக்கும்போது ஆற்றின் மேலிருந்து பெரிய பீச் பழம் ஒன்று மிதந்து வருகிறது: "மோமோ கா". மறுபடியும் புதிய வரவு, மறுபடியும் "கா". தமிழில் "ஒரு தாத்தா" என்று அறிமுகம் செய்து, பிறகு "அந்தத் தாத்தா" என்றோ வெறும் "தாத்தா" என்றோ தொடர்கிறோம். அந்த வேலையில் பெரும்பங்கை ஜப்பானிய மொழி இந்த இரண்டு ஒட்டுகளிடம் விட்டுவிடுகிறது.

"யார்", "எது" போன்ற வினாச்சொற்களுக்குப் பின்னால் சாதாரணமாக "வா" வராததற்கும் காரணம் இதுதான். "தரே கா கிமாஷிதா கா" (யார் வந்தார்?) என்றுதான் கேட்க முடியும்; கடைசியில் வரும் "கா" வேறு, அது வல்லொலியாக வரும் வினா ஒட்டு. யாரென்றே தெரியாத ஒருவரைப் பேச்சுப்பொருளாக முன்னால் வைப்பது எப்படி? பதிலிலும் "யார்" என்பதன் பின்னால் வந்த அதே "கா" வரும். அங்கே அது தமிழின் "தான்" போல "இவர், வேறு யாருமில்லை" என்ற அழுத்தத்தைத் தருகிறது. ஆனால் எல்லாக் "கா"வுக்கும் இந்த அழுத்தம் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஜன்னலைத் திறந்து பார்த்து "அமே கா ஃபுத்தே இரு" என்றால் "மழை பெய்கிறது", அவ்வளவே. "மழைதான் பெய்கிறது, பனி இல்லை" என்று பொருளில்லை. 1973-இல் வந்த தன் நூலில் சுசுமு குனோ என்ற மொழியியலாளர் இந்த இரண்டு "கா"க்களையும் தனித்தனியே பெயரிட்டுப் பிரித்தார். கண்முன் நடக்கும் நிகழ்ச்சியைச் சொன்னால் வெறும் விவரிப்பு. "தனாகா ஒரு மாணவர்" என்பது போல நிலையான தன்மையைச் சொல்லும் வாக்கியத்தில் "கா" போட்டால், "தனாகாதான் மாணவர்" என்ற தனிப்படுத்தும் பொருள் வந்துவிடும்.

"வா"வையும் குனோ இரண்டாகப் பிரித்தார். ஒன்று நாம் பார்த்த பேச்சுப்பொருள் "வா". இன்னொன்று ஒப்பிடும் "வா". வெளிநாட்டவர் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான். தோழியைப் பார்த்து "கியோ வா கிரேய் தெஸு நே" என்று பாராட்டினால், "இன்றைக்கு அழகாக இருக்கிறாய்" என்பதோடு, மற்ற நாட்களில் அப்படி இல்லை என்ற தொனியும் சேர்ந்து கேட்கக்கூடும். தமிழில் "இன்னைக்காவது" என்று ஆரம்பித்தால் எப்படி இருக்குமோ, அதற்குப் பக்கத்தில் போய்விடும். "வா"வை எடுத்துவிட்டால் பாராட்டு பாராட்டாகவே இருக்கும்.

இன்னொரு வேறுபாடு, வாக்கியத்தில் இவை எவ்வளவு தூரம் போகின்றன என்பது. "ஹஹா கா கயேத்தா தொகி, தெரெபி ஓ மிதே இதா" என்ற வாக்கியத்தில் அம்மா திரும்பி வந்தாள், டிவி பார்த்துக்கொண்டிருந்தது வேறொருவர், பெரும்பாலும் பேசுகிறவர். "கா"வை "வா" ஆக்கினால் கதையே மாறுகிறது. இப்போது டிவி பார்த்தது அம்மா, வீடு திரும்பியது வேறு யாரோ. "கா" தனக்கு அருகிலுள்ள "வந்தபோது" என்ற சிறு தொடருக்குள் அடங்கிவிடுகிறது. "வா" அதைத் தாண்டிப் போய்க் கடைசி வினையைப் பிடிக்கிறது. தமிழில் இந்தக் குழப்பமே வராது, ஏனென்றால் "பார்த்துக்கொண்டிருந்தேன்", "பார்த்துக்கொண்டிருந்தாள்" என்று வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வினைக்கு அந்த விகுதி கிடையாது. "மிதே இதா" நானுக்கும் அவளுக்கும் ஒன்றேதான். யார் பார்த்தது என்று கண்டுபிடிக்க, வாக்கியத்தின் தொடக்கத்திலேயே போட்ட ஒற்றை எழுத்தைத்தான் ஜப்பானியர்கள் கவனிக்கிறார்கள்.

அதனால் நீண்ட ஜப்பானிய வாக்கியத்தைப் படிக்கும்போது "வா"வைக் கண்டதும் அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு கடைசி வினைவரை போகலாம். "கா"வைக் கண்டால் முதலில் அருகிலுள்ள வினையைத் தேடலாம். "என்றார்", "என்று நினைக்கிறேன்" போன்றவற்றுக்கு உள்ளே வரும் வாக்கியங்கள் இதற்கு விலக்கு. அவை பிறர் பேச்சை அப்படியே தாங்கி வருவதால், அவற்றுக்குள் "வா" தாராளமாக வரும், அங்கேயே நிற்கவும் செய்யும்.