விற்பனைக்கு முன்னால் நடப்பதை எண்ணுவது எப்படி

நாகர்கோவிலை மையமாகக் கொண்டு, கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று பகுதிக்கு ஒருவராக நான்கு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் 5 விற்பனை டார்கெட். மாதக் கடைசியில் தக்கலைக்காரர் 7 விற்றிருக்கிறார், மார்த்தாண்டத்துக்காரர் 2 விற்றிருக்கிறார். முதலாளி ஒருவரைப் பாராட்டி மற்றவரைக் கண்டிக்கிறார். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தப் பாராட்டுக்கும் கண்டிப்புக்கும் போதிய ஆதாரம் இல்லை.

காரணம் எளிய நிகழ்தகவுக் கணக்கில் இருக்கிறது. சராசரியாக மாதம் 5 முறை நடக்கும் ஒரு நிகழ்வு, ஒவ்வொரு மாதமும் சரியாக 5 முறை நடப்பதில்லை. இத்தகைய எண்ணிக்கைகள் சராசரியின் வர்க்கமூல அளவுக்கு மேலும் கீழும் அலைவது வழக்கம். 5-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.2. ஆகவே உழைப்பிலும் திறமையிலும் எந்த மாற்றமும் இல்லாத ஒருவர் ஒரு மாதம் 3, மறுமாதம் 7 என்று விற்பது இயல்பு. 2 அல்லது அதற்கும் குறைவாக விற்கும் மாதம்கூட, கணக்குப்படி எட்டு மாதங்களுக்கு ஒரு முறை வந்தே தீரும். சிறிய எண்ணில் தற்செயலின் பங்கு பெரிது. ஆனால் அதே ஆள் அந்த மாதத்தில் எத்தனை கடைக்காரர்களுடன் பேசினார், எத்தனை டெமோ காட்டினார், எத்தனை கொட்டேஷன் அனுப்பினார் என்ற எண்கள் பெரியவை. அவற்றில் பெரும்பகுதி அவருடைய கையிலேயே இருக்கிறது. அவற்றை முன்னோடி அளவீடுகள் என்றும், விற்பனை எண்ணிக்கையைப் பின்தொடர் அளவீடு என்றும் அழைப்போம். 1992-இல் ராபர்ட் கப்லானும் டேவிட் நார்ட்டனும் நிறுவனங்களுக்கான சமநிலை மதிப்பெண் அட்டையை முன்வைத்தபோது, பழைய கணக்கைச் சொல்லும் நிதி எண்களோடு, அவற்றை வருங்காலத்தில் உருவாக்கப்போகும் எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றே வாதிட்டார்கள். ஒவ்வொருவரின் பேச்சு, டெமோ, கொட்டேஷன் எண்களை வாரந்தோறும் காட்டும் விற்பனைக் குழுவின் ஸ்கோர்கார்டு, அதாவது மதிப்பெண் அட்டை, அதே சிந்தனையின் சிறிய வடிவம்.

அட்டையைத் தயாரிக்கும் வேலை பின்னாலிருந்து தொடங்குகிறது. நம் நிறுவனத்தின் மூன்று மாதப் பதிவேட்டில், நால்வரும் சேர்ந்து 2400 கடைக்காரர்களுடன் பேசி, 300 டெமோ காட்டி, 180 கொட்டேஷன் அனுப்பி, 60 விற்பனை முடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டுப் பேச்சுக்கு ஒரு டெமோ, ஐந்து டெமோவுக்கு மூன்று கொட்டேஷன், மூன்று கொட்டேஷனுக்கு ஒரு விற்பனை என்பது இதிலிருந்து கிடைக்கும் விகிதம். ஒருவர் மாதம் 5 விற்க வேண்டுமானால் 15 கொட்டேஷனும், 25 டெமோவும், 200 பேச்சும் தேவைப்படும். வாரக் கணக்கில் அது 50 பேச்சு, 6 டெமோ, 4 கொட்டேஷன். டார்கெட்டை 6 ஆக உயர்த்த நினைக்கும் முதலாளி, மாதம் 30 டெமோ என்று ஆகும்போது, தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடையே பேருந்திலும் பைக்கிலும் அலையும் ஒரே ஆளுக்கு ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் டெமோ காட்ட நேரம் இருக்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிற நிறுவனங்களின் விகிதங்களை இரவல் வாங்கக் கூடாது. பொருளும் விலையும் வாங்குபவரும் மாறினால் விகிதமும் மாறும்.

எதை எண்ணுவது என்பதைவிட, எது எண்ணிக்கையில் சேரும் என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். மணி அடித்து எடுக்கப்படாத அழைப்பு, பேச்சு ஆகாது. வாங்கும் முடிவை எடுக்கக்கூடியவருடன் பேசியிருந்தால் மட்டுமே அது ஒன்று. டெமோ என்றால், அந்தக் கடையிலேயே விற்கும் இருபது சரக்குகளின் பெயரையும் விலையையும் ஏற்றி, கடைக்காரரின் கண்முன் ஒரு பில் அச்சாகி வெளியே வந்திருக்க வேண்டும். கல்லாவில் நின்ற பையனிடம் செல்போனில் இரண்டு படம் காட்டியது சேராது. கொட்டேஷன் என்றால், டெமோ முடிந்த கடைக்கு, விலையும் பராமரிப்புக் கட்டணமும் எழுதி அனுப்பி, அடுத்துப் பேசும் தேதியையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஐம்பது பேருக்கு ஒரே விலைப்பட்டியலை அனுப்பிவிட்டு ஐம்பது கொட்டேஷன் என்று எழுத இந்த வரையறை இடம் தராது.

பதிவு செய்யும் முறை எளிமையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் வாரத்திலேயே நின்றுவிடும். பகிரப்பட்ட ஒரு விரிதாளில் தேதி, பகுதி, செயல், கடையின் பெயர், அடுத்த தேதி என்ற ஐந்து பத்திகள் போதும். ஒவ்வொரு செயலும் நடந்த அன்றே ஒரு வரியாக ஏற வேண்டும். வார எண்ணிக்கையை யாரும் கையால் நிரப்பக் கூடாது. வரிகளிலிருந்து அது தானாக வர வேண்டும். F1-இல் வாரத்தின் முதல் நாளும் F2-இல் கடைசி நாளும் இருந்தால், மார்த்தாண்டத்தின் டெமோ எண்ணிக்கையை இந்த வாய்பாடு தரும்:

```
=COUNTIFS(B:B,"மார்த்தாண்டம்",C:C,"டெமோ",A:A,">="&F1,A:A,"<="&F2)
```

மூன்று எண்களுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டி ஒரே மொத்தமாகக் காட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுலபமான செயலைக் கூடுதலாகச் செய்து, கடினமானதைத் தவிர்த்துவிட்டு, அதே மொத்தத்தை அடைந்துவிடலாம். எந்த இடத்தில் ஓட்டம் அடைபட்டிருக்கிறது என்பதும் அந்த மொத்தத்தில் மறைந்துபோகும்.

நான்கைந்து வார எண்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அட்டை பேசத் தொடங்குகிறது. மார்த்தாண்டத்தில் வாரம் 60 பேச்சு நடக்கிறது, டெமோ மூன்றைத் தாண்டவில்லை என்றால், உழைப்பில் குறை இல்லை. அழைக்கும் கடைகளின் பட்டியலிலோ, பேச்சின் முதல் அரை நிமிடத்திலோ குறை இருக்கிறது. அவருடன் ஒரு நாள் உட்கார்ந்து பத்து அழைப்புகளைக் கேட்டால் அது தெரிந்துவிடும். தக்கலையில் டெமோ 6, கொட்டேஷன் 9 என்று வந்தால், வரையறை மீறப்படுகிறது என்று பொருள்.

குளச்சலின் வரிசை இன்னும் நுட்பமானது. அங்கே டெமோ வாரம் 7 நடக்கிறது. கொட்டேஷன் ஒன்றுதான் போகிறது. விகிதப்படி நான்கு போயிருக்க வேண்டும். விரிதாளில் அந்த டெமோ வரிகளைக் கடை கடையாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் யாரிடம் காட்டப்பட்டது என்று கேட்டபோது காரணம் தெரிகிறது. பல கடைகளில் உரிமையாளர் வளைகுடா நாட்டில் வேலையில் இருக்கிறார். கடையை நடத்துபவர் மைத்துனரோ தம்பியோ. அவருக்கு மென்பொருள் பிடித்திருக்கிறது, ஆனால் பணம் போடும் முடிவு அவருடையது அல்ல. "அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இதற்குத் தீர்வு, டெமோவின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் இல்லை. சவூதியிலோ குவைத்திலோ இருக்கும் உரிமையாளருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று அவரையும் வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொண்டு, கடையில் பில் அச்சாவதை அவர் காணும்படி டெமோவை அமைக்க வேண்டும். முடிவெடுப்பவர் பார்க்காத டெமோ இனி கணக்கில் வராது என்று வரையறையும் திருத்தப்படுகிறது. அடுத்த சில வாரங்களில் குளச்சலின் டெமோ எண்ணிக்கை 4 ஆகக் குறையலாம். கொட்டேஷன் மூன்றாக உயர்ந்தால் அந்தக் குறைவு முன்னேற்றமே.

இனி, அட்டையைப் படிப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் காலதாமதம். பேச்சிப்பாறை அணையின் மதகைத் திறந்த அன்றே கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை, இங்கும் அப்படித்தான். பேச்சிலிருந்து டெமோவுக்கு ஒரு வாரம், டெமோவிலிருந்து கொட்டேஷனுக்கு இரண்டு மூன்று நாள், கொட்டேஷனிலிருந்து முடிவுக்கு மூன்று நான்கு வாரம் என்று வைத்தால், இன்றைய பேச்சு ஐந்து வாரங்களுக்குப் பிறகே பணமாகிறது. நம் மாவட்டத்தில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். டிசம்பர் மாதம் கோட்டாறு சவேரியார் திருவிழாவோடு தொடங்கி, கிறிஸ்துமஸ் வியாபாரம் உச்சத்துக்குப் போகும். துணிக்கடைக்காரருக்கோ பலசரக்குக் கடைக்காரருக்கோ உட்கார்ந்து டெமோ பார்க்க நேரம் இருக்காது. பேச்சு 30 ஆகவும் டெமோ 2 ஆகவும் இறங்கும். ஆயினும் டிசம்பர் விற்பனையில் பெரிய மாற்றம் தெரியாது. அது நவம்பரில் அனுப்பிய கொட்டேஷனின் விளைவு. ஜனவரியில், எல்லோரும் முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், விற்பனை விழும். விற்பனை எண்ணை மட்டும் பார்க்கும் முதலாளி அப்போது குழுவைக் கடிந்துகொள்வார். ஜனவரியின் உழைப்பு பிப்ரவரியில் பலன் தந்து விற்பனை ஏறும்போது, கடிந்ததால்தான் ஏறியது என்று நம்பிவிடுவார். தவறான இந்தப் பாடம் அடுத்த ஆண்டும் அப்படியே திரும்பும். முன்னோடி அளவீடுகள் கையில் இருந்தால், ஜனவரிச் சரிவை டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே கண்டு, கைப்பணத்துக்கு ஏற்பாடு செய்யலாம். ஓணத்துக்கு முந்தைய பரபரப்பு வாரங்களையும் இதேபோல முன்கூட்டித் திட்டமிடலாம்.

ஊக்கத்தொகையைச் செயல் எண்ணிக்கையோடு இணைப்பது ஆபத்தானது. ஓர் அளவை வைத்து ஆட்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதும், அந்த அளவுக்கும் அது சுட்டிய உண்மைக்கும் இருந்த தொடர்பு குலைகிறது என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல், பணக் கொள்கையை ஆராயும்போது எடுத்துக்காட்டினார். பேச்சுக்கு ஐந்து ரூபாய் என்று அறிவித்தால் பேச்சு பெருகும், பயன் பெருகாது. அதைக் கண்டுபிடிக்கும் அடையாளம் அட்டையிலேயே இருக்கிறது: பேச்சு எண்ணிக்கை உயர, எட்டுக்கு ஒன்று என்ற விகிதம் பன்னிரண்டுக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்று என்று தேயும். வாரம் இரண்டு கடைகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, டெமோ எப்படி இருந்தது என்று மேலாளரே அழைத்துக் கேட்பதும் நல்ல காப்பு. ஊக்கத்தொகை முடிந்த விற்பனைக்கே இருக்கட்டும். செயல் எண்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அடைப்பு எங்கே என்று தேடுவதற்கு உதவட்டும்.

விகிதங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிய பதிவேட்டிலிருந்து மறுபடி கணக்கிட வேண்டும். அப்போது ஒவ்வொரு பகுதிக்கும், ஐந்து வாரம் முந்தைய செயலோடு விற்பனையை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். நாகர்கோவில் ஆள் வாரம் 25 பேச்சோடு நிறுத்திக்கொண்டும், தொடர்ந்து பல மாதங்கள் 5 விற்கிறார் என்றால், அவரைப் பேச்சு எண்ணிக்கைக்காக நெருக்கக் கூடாது. வடசேரியிலும் மீனாட்சிபுரத்திலும் ஏற்கெனவே வாங்கிய கடைக்காரர்கள் பக்கத்துக் கடைகளுக்கு அவரை அறிமுகப்படுத்தி வைப்பதால் அவருக்கு விற்பனை நடக்கிறது. அட்டை அந்தச் செயலை எண்ணவே இல்லை. அவருடைய வரிசையில், பழைய வாடிக்கையாளரைச் சந்தித்து அறிமுகம் கேட்டது என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அடுத்த மூன்று மாதத்தில் அதன் விகிதம் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்; நன்றாக வந்தால் மற்ற மூவரின் வரிசையிலும் அதைச் சேர்க்கலாம்.