சிக்குக் கோலத்துக்கு இரண்டு மதிப்பெண்: ஏழாம் வகுப்புக்கு ஒரு கணக்கு, ஓவியச் செயல்திட்டம்

கணக்கையும் ஓவியத்தையும் சேர்த்துச் செயல்திட்டம் கொடுக்கும்போது பெரும்பாலும் ஒரு பாடம் மற்றதற்கு வேலைக்காரனாகிவிடுகிறது. முக்கோணம், வட்டம் வரைந்து வண்ணமடித்தால் அதில் கணக்கு இல்லை. பின்னத்தை விளக்க பீட்சா படம் வரைந்தால் அதில் ஓவியம் இல்லை. முடிவில் சார்ட் அழகாக இருக்கிறதா என்று பார்த்து ஒரே மதிப்பெண் போட்டுவிடுகிறோம். பிள்ளைக்குக் கணக்கு புரிந்ததா என்பது அந்த மதிப்பெண்ணிலிருந்து தெரியாது. இரண்டு பாடமும் உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வேலையாக, நானும் எங்கள் ஓவிய ஆசிரியரும் சேர்ந்து செய்யும் கோலத் திட்டத்தை இங்கே எழுதுகிறேன். ஆறு பாடவேளை போதும்.

கேள்வி ஒன்றுதான்: நேர்ப் புள்ளிச் சிக்குக் கோலத்தில் எத்தனை கம்பி இருக்கும்? பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவில் ஒவ்வோர் இடத்திலும் கோடுகள் குறுக்கே வெட்டிப் போகும் எளிய கோலத்தை எடுத்துக்கொள்கிறோம். ஓர் இடத்தில் தொடங்கி, கை எடுக்காமல் போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் அது ஒரு கம்பி. கோடுகள் இன்னும் வெட்டாத இடம் மிச்சமிருந்தால் அடுத்த கம்பி தொடங்கும்.

கட்டம் போட்ட நோட்டில் இரண்டு கட்டத்துக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோடு கட்டங்களின் மூலைவிட்டமாகவே ஓடும். ஓரப் புள்ளியிலிருந்து ஒரு கட்டம் வெளியே போனதும், சுவரில் பட்ட பந்து மாதிரி திரும்பும். முதலில் ஸ்கேல் வைத்து நேர்கோடாகவே வரையட்டும், வளைவெல்லாம் அப்புறம். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கலர் பென்சில் கொடுத்தால் எண்ணுவதில் குழப்பம் வராது.

எந்த அளவுகளைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2×2, 2×4, 3×3 மட்டும் கொடுத்தால் விடை 2, 2, 3 என்று வரும். "சின்ன எண் எதுவோ அதுதான் டீச்சர்" என்று வகுப்பே முடிவு கட்டிவிடும். 2×3 வரைந்தால் ஒரே கம்பி வந்து அந்த ஊகம் உடைகிறது. அடுத்து 4×6 வரைந்தால் 2. இப்போது "வித்தியாசம்தான் விடை" என்பார்கள். 3×3 ஒத்துவரவில்லையே என்றால் அது விதிவிலக்கு என்பார்கள். அங்கே 3×5 கொடுங்கள். வித்தியாசம் 2, ஆனால் கம்பி ஒன்றுதான். இரண்டு ஊகமும் உடைந்த பிறகுதான் யாராவது ஒரு பிள்ளை வகுத்திகளைப் பார்க்கத் தொடங்கும். விடை, இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. மனப்பாடமாக இருந்த மீ.பெ.கா.வைப் பிள்ளைகள் அப்போது கண்ணால் பார்த்து எண்ணுகிறார்கள்.

இதற்கு முழு நிரூபணத்தை ஏழாம் வகுப்பில் எதிர்பார்க்க வேண்டாம். ஆறு எடுத்துக்காட்டில் ஒத்துவந்தது நிரூபணம் ஆகாது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மொசாம்பிக்கில் பணியாற்றிய கணிதவியலாளர் பவுலஸ் ஜெர்டெஸ், அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் வரையும் சோனாக் கோலங்களில் இதே விதியை ஆராய்ந்திருக்கிறார் என்ற செய்தி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

எண்ணிக்கை தவறினால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 3×4 கோலத்தில் கிடைமட்ட இடைவெளி 9, செங்குத்து இடைவெளி 8 (அல்லது மாறி), ஆக 17 சந்திப்பு இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கோடு வெட்டாமல் திரும்பிவிட்டது என்று பொருள். இன்னொன்று, வீட்டில் ஊடு புள்ளி வைத்துப் பழகிய பிள்ளைகள் அதையே வைப்பார்கள். இந்த விதி ஊடு புள்ளிக்குப் பொருந்தாது.

சரி, ஓவியம் எங்கே? நான்காவது பாடவேளையில் வருகிறது. 3×3 கோலத்தில் மூன்று கம்பி. அதை ஒரே கம்பியாக்க வேண்டும், ஆனால் கோலம் சமச்சீராகவும் இருக்க வேண்டும். இரண்டு வேறு கம்பிகள் வெட்டும் சந்திப்பில், வெட்டாமல் இரண்டையும் அவரவர் புள்ளிப் பக்கமே வளைத்துத் திருப்பிவிட்டால் அவை ஒன்றாகிவிடும். இதைத்தான் பிரிப்பு என்கிறோம். ஒரு பிரிப்பு அதிகபட்சம் ஒரு கம்பியைத்தான் குறைக்கும். ஆகவே மூன்றை ஒன்றாக்கக் குறைந்தது இரண்டு பிரிப்பு வேண்டும்.

எந்த இரண்டு? நிறையப் பேர் நடு வரிசையின் இரண்டு இடைவெளிகளைப் பிரிப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அந்த இரண்டிலும் வெட்டுவது ஒரே இரண்டு சாய்ந்த கம்பிகள். நடுவில் சதுரமாக ஓடும் மூன்றாவது கம்பி தனியாகவே நிற்கும். மேல் வரிசையின் இரண்டு இடைவெளிகளைப் பிரித்தால் ஒரு பக்கத்தில் முதல் சாய்வுக் கம்பி சதுரத்தோடு சேரும், மறுபக்கத்தில் இரண்டாவது சாய்வுக் கம்பி சேரும். ஒரே கம்பி ஆயிற்று. மேலே மூன்று புள்ளிகளும் மூன்று இதழ் போல நிற்கும், இடமும் வலமும் சமச்சீர் கெடாது. ஆனால் அரைச் சுற்றுச் சமச்சீர் கேட்டால், இரண்டே பிரிப்பில் முடியாது. அரைச் சுற்றில் எதிரெதிராக வரும் சந்திப்புகள் எப்போதும் அதே இரண்டு கம்பிகளுடையவை, மூன்றாவது விடுபட்டுவிடும். "அப்படி வராது" என்பதைக் கலர் கம்பிகளைக் காட்டி ஒரு பிள்ளை விளக்கினால், இந்தத் திட்டத்தில் அதைவிடப் பெரிய கணக்கு இல்லை.

கடைசி இரண்டு பாடவேளையும் ஓவிய ஆசிரியருடையது. நேர்கோட்டுக் கோலத்தை வளைவாக்குவது, மூலைகளை ஒரே அளவு வளைப்பது, கோட்டின் தடிமன் மாறாமல் இழுப்பது, பிறகு சார்ட்டில் பெரிதாக்குவது.

மதிப்பீட்டை இரண்டு தனித் தாளில் வையுங்கள். கணக்குக்கு 20: கோல அளவையும் கம்பி எண்ணிக்கையையும் எழுதிய அட்டவணைக்கு 5. வரையாத 6×10-க்கு முன்கூட்டியே எழுதிய விடைக்கும் காரணத்துக்கும் 7 (விடை 2; சின்ன எண்ணும் வித்தியாசமும் இங்கே மாட்டிக்கொள்ளும்). பிரிப்புகளைத் தேர்ந்த காரணத்துக்கு 8. இதில் கோடு கோணலாக இருப்பதற்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கக் கூடாது. கை நடுங்கும் பிள்ளையின் சரியான விளக்கத்துக்கு முழு மதிப்பெண்.

ஓவியத்துக்கு 20: கோட்டின் ஓட்டம் 8, வளைவுகளின் ஒழுங்கு 4, அமைப்பும் நிறமும் 8. அந்த 8-க்கு, எந்தச் சமச்சீரை ஏன் தேர்ந்தோம், நிறம் ஏன் அங்கே என்று இரண்டு வரியாவது பிள்ளை சொல்ல வேண்டும். கம்பி எண்ணிக்கை தவறாகிப்போன கோலத்துக்கும் இங்கே முழு மதிப்பெண் கிடைக்கலாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. வாசலில் தினமும் கோலம் போடும் பிள்ளைக்கும் கோலமாவையே தொடாத பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் நியாயமில்லை. அதனால் கோட்டின் ஓட்டத்துக்கான 8-ஐ இரண்டாகப் பிரித்து, 4 மதிப்பெண்ணை முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் உள்ள முன்னேற்றத்துக்குத் தருகிறோம். இதற்கு முதல் வரைவை அழிக்கவோ கிழிக்கவோ விடக்கூடாது. தேதி போட்டு நாமே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே நன்றாகப் போடும் பிள்ளைக்கு முன்னேற இடம் குறைவு என்பதால், அவர்களை 3×3-இல் நிறுத்தாமல் 4×4 கொடுத்து, மூன்று பிரிப்பில் ஒரே கம்பியாக்கச் சொல்கிறோம்.