7700-ஐ வைத்துத் தேதி குறிக்காதீர்கள்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு பார்ப்பவர். வயது நாற்பத்தைந்து, எடை 88 கிலோ. உட்கார்ந்ததுமே செல்போனை நீட்டினார். "மேடம், தினம் 550 கலோரி குறைக்கிறேன். பதினாலு நாளில் 7700. அதாவது ஒரு கிலோ. கணக்கு சரிதானே?" பெருக்கல் சரிதான். எரிச்சல் அவர் மேல் இல்லை, இதே கணக்கை இந்த மாதம் எத்தனை பேர் கொண்டுவந்து காட்டிவிட்டார்கள் என்பதில்தான்.

முதல் இரண்டு வாரத்தில் அவருக்கு 2.8 கிலோ இறங்கியது. கணக்கைவிட மூன்று மடங்கு என்று சந்தோஷப்பட்டு, பொங்கலுக்குள் 75 கிலோ என்று வீட்டில் சொல்லியும்விட்டார். அப்புறம் முள் அசையவே இல்லை என்றார். கோபத்தில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். தலைச்சுற்றலோடு என்னிடம் வந்தார்.

7700 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1958-இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டு எடை என்றால் 3500 கலோரி என்று எழுதினார். அதைக் கிலோவுக்கு மாற்றினால் 7700. உடம்பில் உள்ள கொழுப்புத் திசுவில் கிட்டத்தட்ட 87 சதவீதம் கொழுப்பு, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரிக்குக் கொஞ்சம் மேல். ஆக எண்ணில் பெரிய தப்பில்லை. ஆனால் அது கொழுப்புத் திசுவின் கணக்கு. எடை மெஷின் காட்டுவது கொழுப்பு, தண்ணீர், தசை, குடலில் இருப்பது எல்லாம் சேர்ந்த எடை. முதல் இரண்டு வாரத்தில் போவதில் பெரும்பங்கு தண்ணீர்தான். சனிக்கிழமை ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை ஒரு கிலோ ஏறிவிட்டது என்று அழுகிறார்களே, அதுவும் உப்பு பிடித்து வைத்த தண்ணீர். ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 7700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு பிரியாணி என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, உடம்பின் கலோரிச் செலவு மாறாது என்று நினைப்பது. எடை குறையக் குறையச் செலவும் குறையும். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் தந்த கணக்குப்படி, தினசரி உணவில் நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி இறங்கவே ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும், மீதி பெரும்பாலும் மூன்று வருடத்துக்குள். தினம் 500 குறைத்தால் பழைய 7700 விதி வருடத்துக்கு 23 கிலோவுக்கு மேல் சொல்லும், இவர்கள் கணக்கு சுமார் 10 கிலோ சொல்லும். இரண்டு வருடம் போனால் பழைய விதி 47 கிலோ குறையும் என்பதில் போய் நிற்கும். 88 கிலோ மனிதரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

சரி, 7700-ஐத் தூக்கிப் போடவா? வேண்டாம். வரப்போவதைச் சொல்வதற்குப் பதில் நடந்ததைக் கணக்குப் பார்க்கப் பயன்படுத்துங்கள். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்த பின், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். ஏழு நாளின் சராசரியை மட்டும் நம்புங்கள். முதல் இரண்டு வாரத்தை விட்டுவிடுங்கள். அதன்பின் ஒரு வாரச் சராசரியை, நான்கு வாரம் கழித்து வரும் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் வரும் பெண்கள் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். அதனால்தான் நான்கு வார இடைவெளி கேட்கிறேன்.

நம் கணக்கருக்கு மூன்றாவது வாரச் சராசரி 84.9, ஏழாவது வாரத்தில் 83.7. முள் அசையவில்லை என்றாரே, 1.2 கிலோ குறைந்திருக்கிறது! அதை 7700-ஆல் பெருக்கி 28 நாளால் வகுத்தால் தினம் 330 கலோரி. அதுதான் அவருடைய உண்மையான பற்றாக்குறை, 550 அல்ல. மீதி 220 எங்கே? மெலிந்த உடம்பு செலவைக் குறைத்ததில் நூறுக்குள் இருக்கலாம். மற்றது சமையலறையில் இருக்கிறது. சோறு, தோசையெல்லாம் எண்ணி எழுதியிருந்தார், எண்ணெயை எழுதவே இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தாளிப்பில் ஒரு கரண்டியைக் குறைத்து, மறுபடி நான்கு வாரம் பார்க்கச் சொன்னேன். இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்கச் சொன்னேன், பருப்பும் முட்டையும் சேர்த்து. பட்டினி கிடந்தால் தசையும் கரையும். ஒரு கிலோ தசை போக 7700 தேவையில்லை, அதில் கால் பங்கு போதும். மெஷினில் நம்பர் வேகமாக இறங்கும், நஷ்டம் உங்களுக்கு.

இன்னும் ஒன்று, தயவுசெய்து. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், மருந்தின் அளவைச் சரிசெய்யாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென ஏறி, கால் வீங்கி மூச்சு வாங்கினால் கலோரி எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.